திறந்த ஊறுகாய், சாஸ், நெய் ஜாடிகள் எதனால் கெடுகின்றன: டர்பன் சமையலறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜனவரியில் டர்பனில் பகல் வெப்பம் 28 டிகிரியைத் தொடும், இரவிலும் 21 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. கடற்காற்றின் ஈரம் வேறு. அந்த மாதத்தில் மாங்காய் ஊறுகாயில் பூஞ்சை பூத்துவிட்டால் பழி முழுவதும் வெயில்மேல் விழுகிறது. ஆனால் அதே தெருவில், அதே வெக்கையில், இன்னொரு வீட்டு ஜாடி மூன்று மாதம் தாண்டியும் நன்றாகவே இருக்கும். வெப்பம் கெடுதலை வேகப்படுத்தும், கெடுதலைத் தொடங்கி வைப்பது வேறொன்று. பெரும்பாலும் அது நீர். ஜாடி திறந்த நாளிலிருந்து கரண்டியோடும் மூடியோடும் கையோடும் உள்ளே போகும் கொஞ்சம் கொஞ்சம் நீர்.

எண்ணெய் விட்ட மாங்காய் ஊறுகாயைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கிறோம், நம் வீடுகளில் அதிகமாக வெளியே நிற்பது அதுதான். பூண்டு மிளகாய் விழுதையும் நெய்யையும் அதன்பின் தனித்தனியாகப் பார்க்கலாம், ஏனென்றால் அவை கெடும் வழி வேறு.

முதலில்: உங்கள் ஜாடியைக் காப்பது எது?

அலமாரியில் வாரக்கணக்கில் கெடாமல் நிற்கும் எதற்கும் ஏதோ ஒரு காப்பு இருக்கிறது. மாங்காய் ஊறுகாய்க்கு மூன்று: உப்பு, புளிப்பு, காற்றை மறைக்கும் எண்ணெய். தக்காளி சட்னிக்கும் மிளகாய் சாஸுக்கும் வினிகரும் சர்க்கரையும். நெய்க்கு ஒன்றே ஒன்று, அதில் நீர் இல்லை என்பது. எது காப்பு என்று தெரிந்தால்தான் எதைக் கெடுக்கக் கூடாது என்று தெரியும்.

கடையில் வாங்கிய ஜாடியானால் லேபிளைப் பாருங்கள். 'திறந்தபின் ஃப்ரிட்ஜில் வைக்கவும்' என்று இருந்தால் அதை அப்படியே கேளுங்கள். அந்தத் தயாரிப்பில் உப்பும் புளிப்பும் குறைவாக வைக்கப்பட்டிருக்கும். மூடியிருந்த வரை அதைக் காத்தது சூடுபடுத்தி அடைத்த சீல், அது திறந்த அன்றே போய்விட்டது. அப்படி எதுவும் எழுதாமல் சோடியம் பென்சோயேட் சேர்த்திருப்பதாக இருந்தால் அது வெளியே நிற்க ஓரளவு தாங்கும். பென்சோயேட் புளிப்பில்தான் வேலை செய்யும். வாளியில் வாங்கி வந்த அச்சாரில் எண்ணெய் வற்றிவிட்டது என்று வீட்டில் தண்ணீர் தெளித்துக் கலக்கினால் உப்பு, புளிப்பு, பென்சோயேட் மூன்றுமே ஒரே நேரத்தில் நீர்த்துப்போகும்.

வீட்டு மாங்காய் ஊறுகாயின் கணக்கு

லிம்போபோ பக்கத்துப் பச்சை மாங்காய் சந்தைக்கு வரும் நவம்பர், டிசம்பரில் போட்ட ஒரு ஊறுகாயை எடுத்துக்கொள்வோம். கொட்டை நீக்கி நறுக்கிய மாங்காய் 1 கிலோ, உப்பு 150 கிராம். மாங்காயில் ஏறக்குறைய 850 கிராம் நீர்தான். உப்பில் பிசிறி வைத்து, வெளிவந்த உப்புநீரைக் கொட்டாமல் அதோடேயே இரண்டு நாள் வெயிலில் வைத்து 300 கிராம் எடை குறையும்வரை வாட்டினால் மீதி நீர் 550 கிராம். அதில் 100 மில்லி வினிகர் சேர்த்தால் 650. இப்போது 150 கிராம் உப்பு இந்த நீரில் கரைந்து நிற்கிறது, அதாவது அந்த உப்புநீரில் நூற்றுக்குச் சுமார் 19 பங்கு உப்பு.

இதில் எண்ணெயைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உப்பு எண்ணெயில் கரையாது, கிருமியும் எண்ணெயில் வளராது. எல்லாம் நடப்பது துண்டுகளுக்கு உள்ளும் மசாலாவுக்கு இடையிலும் இருக்கும் அந்த நீரில்தான். ஆகவே 'மொத்த எடையில் இவ்வளவு உப்பு' என்ற கணக்கு ஏமாற்றும். நீரில் எவ்வளவு உப்பு என்பதே கேள்வி.

இப்போது அதே ஊறுகாயைச் சுருக்கு வழியில் போட்டால் என்ன ஆகும்? மழை பிடித்துக்கொண்டது என்று வெயிலில் வாட்டவில்லை, இரத்த அழுத்தத்துக்காக உப்பையும் 80 கிராமாகக் குறைத்தாயிற்று. நீர் 850, வினிகர் 100, உப்பு 80. கணக்குப் போட்டால் நூற்றுக்கு 8 பங்குகூட வரவில்லை. ருசி நன்றாக இருக்கும், மாங்காய் மொறுமொறுப்பாகவும் இருக்கும். ஆனால் அது அலமாரி ஊறுகாய் அல்ல, ஃப்ரிட்ஜ் ஊறுகாய். உப்பைக் குறைப்பதில் தவறே இல்லை, குறைத்துவிட்டு அம்மா வைத்த இடத்திலேயே வைப்பதில்தான் தவறு.

கடுகுப் பொடியும் மஞ்சளும் வெந்தயமும் காக்கும் என்று சொல்வதுண்டு. கடுகின் காரம் கிருமியைக் கொஞ்சம் தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் குறைந்த உப்பை அது ஈடு செய்யாது.

நீர் ஒரு சொட்டு என்ன செய்யும்?

'ஒரு சொட்டுத் தண்ணீரில் இவ்வளவு பெரிய ஜாடி கெட்டுவிடுமா?' என்று கேட்பவர்கள் ஜாடி முழுவதையும் கலக்கிய கணக்கைப் போடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு சொட்டு ஒன்றும் செய்யாதுதான். ஆனால் ஊறுகாயை யாரும் கலக்குவதில்லை. கரண்டியிலிருந்து விழுந்த நீர் எண்ணெயைவிடக் கனம், அதனால் எண்ணெய்க்குள் இறங்கி, முதலில் தட்டுப்படும் மாங்காய்த் துண்டின் மேலும் மசாலாத் திட்டின் மேலும் போய் உட்காரும். அந்த இடத்தில் 10 மில்லி உப்புநீர் இருந்து, ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி நீர் அதோடு சேர்ந்தால், அங்கே மட்டும் 19 பங்கு உப்பு 13 ஆகிவிடும். மறுநாள் அதே இடத்தில் இன்னொரு முறை விழுந்தால் 10 பங்குக்கு வந்துவிடும். பூஞ்சைக்கும் ஈஸ்டுக்கும் மொத்த ஜாடி தேவையில்லை, அந்த ஒரு திட்டு போதும்.

நீர் வரும் வழிகளில் கழுவிய கரண்டி எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் நினைக்காத வழி மூடி. ஜாடியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஈரமான டர்பன் காற்றில் திறந்து வைத்துச் சாப்பிட்டுவிட்டு மூடினால், குளிர்ந்த கண்ணாடியிலும் மூடியின் உட்பக்கத்திலும் நீர் முத்து முத்தாகப் படியும், பிறகு சொட்டும். வெளியே கொஞ்ச நாள், உள்ளே கொஞ்ச நாள் என்று மாற்றி மாற்றி வைப்பது, எப்போதும் வெளியே வைப்பதைவிட மோசம். லோட் ஷெடிங்கில் ஃப்ரிட்ஜ் நின்று நின்று ஓடினாலும் இதேதான் நடக்கும். சூடாக இருக்கும்போதே மூடிய ஜாடியிலும் ஆவி மூடியில் தங்கி நீராகித் திரும்ப விழும். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைத்தால் பருப்பு கொதிக்கும் ஆவி தினமும் மூடியைச் சுற்றி நனைக்கும்.

ஜாடியைத் திறக்கும் நாளில் செய்ய வேண்டியது

பெரிய ஜாடியிலிருந்து தினமும் எடுத்துச் சாப்பிடாதீர்கள். திறக்கும் அன்றே 250 மில்லி பிடிக்கும் சிறு பாட்டிலில் ஒரு பங்கை எடுத்து மேசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் இறைச்சி இல்லாமல் பருப்புச் சோறும் ஊறுகாயுமாகப் போகும் வீட்டில் இது ஒரு வாரத்தில் காலியாகும், மற்ற மாதங்களில் இரண்டு மூன்று வாரம் ஓடும். கெட்டாலும் அந்தச் சிறு பாட்டிலோடு போகும்.

பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி, 10 நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, கவிழ்த்து வடியவிட்டு, பிறகு 110 டிகிரி அவனில் 15 நிமிடம் வையுங்கள். கொதிக்க வைத்ததோடு நிறுத்திவிட்டால், சுத்தமான பாட்டிலாக இருக்கும், ஆனால் ஈரமான பாட்டில். துணியால் துடைத்துக் காயவைப்பதும் வேண்டாம், துணியில் இருப்பது அத்தனையும் உள்ளே போகும். முழுதாக ஆறியபின் நிரப்புங்கள்.

மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாம், மயோனைஸ் பாட்டில்களின் தகர மூடியை நாம் பலரும் திரும்பப் பயன்படுத்துகிறோம். உட்பூச்சு கீறியிருந்தால் உப்பும் வினிகரும் அதைச் சில வாரத்திலேயே துருப்பிடிக்க வைக்கும். அந்தத் துரு ஊறுகாயில் விழுந்தால் அதிலுள்ள இரும்பு எண்ணெய் காறிப்போவதையும் விரைவுபடுத்தும். பிளாஸ்டிக் மூடி நல்லது. இல்லையென்றால் தகர மூடிக்கும் பாட்டிலுக்கும் நடுவே உலர்ந்த பட்டர் பேப்பர் ஒரு வட்டம் வெட்டி வையுங்கள், அதை அடிக்கடி மாற்றுங்கள்.

இனி எண்ணெய். பெரிய ஜாடியில் எடுத்தது போக மீதியை உலர்ந்த கரண்டியால் அழுத்திச் சமப்படுத்துங்கள். துண்டுகளுக்கு நடுவே சிக்கிய காற்றுக் குமிழ்கள் மேலே வரும். பிறகு பாருங்கள், மேல்துண்டுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் எண்ணெய் நிற்கிறதா? நிற்கவில்லையானால் சூரியகாந்தி எண்ணெயையோ நல்லெண்ணெயையோ நன்றாகக் காயவைத்து, முழுதாக ஆறவிட்டு ஊற்றுங்கள். காயவைப்பது எண்ணெயில் இருக்கும் ஈரம் போவதற்காக. ஆறவைப்பது ஆவி மூடியில் தங்காமல் இருப்பதற்காகவும் கண்ணாடி வெடிக்காமல் இருப்பதற்காகவும். ஆறாத எண்ணெயை ஊற்றி உடனே மூடினால் நீங்கள் தவிர்க்க நினைத்ததையே செய்தவர் ஆவீர்கள்.

கடைசியாக, ஜாடியின் உட்சுவரில் எண்ணெய்க்கு மேலே ஒட்டியிருக்கும் மசாலாவை உலர்ந்த பேப்பர் டவலால் துடைத்துவிடுங்கள். இந்த ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சுவரில் ஒட்டிய மசாலாவுக்கு எண்ணெய்ப் போர்வை கிடையாது. காற்று இருக்கிறது, ஈரக்காற்றிலிருந்து உறிஞ்சும் நீர் இருக்கிறது. பூஞ்சை அங்கே தொடங்கித்தான் கீழே இறங்குகிறது.

ஒரு ஜாடியைச் சோதித்துப் பார்ப்போம்

ஃபீனிக்ஸில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் போட்ட ஊறுகாய், கிறிஸ்துமஸ் விருந்துக்குத் திறந்தது. 150 கிராம் உப்பு, வெயிலில் வாட்டியது, எல்லாம் சரி. ஜனவரி நடுவில், தைப்பூசக் காவடிக்கு விரதம் தொடங்கும் நேரத்தில், எண்ணெய்க்கு மேலே எட்டிப் பார்க்கும் ஒரு மாங்காய்த் துண்டில் நகம் அளவு வெள்ளை. என்ன செய்யலாம்?

முதலில் அது என்ன என்று பார்க்க வேண்டும். உலர்ந்த கத்தி முனையால் தொடுங்கள். மணலாகக் கரகரத்து, வெந்நீர்ச் சொட்டில் போட்டால் கரைந்துவிட்டால் அது உப்பு. துண்டு காய்ந்தபோது உப்பு வெளியே படிந்திருக்கிறது, கெடுதல் எதுவும் இல்லை. பஞ்சு மாதிரி நூல் நூலாக எழும்பி, பச்சையோ கறுப்போ கலந்திருந்தால் பூஞ்சை. பரப்பில் மெல்லிய மங்கலான ஏடாகப் படர்ந்து, தொட்டால் சுருங்கினால் ஈஸ்ட் ஏடு, அது எண்ணெய் குறைந்து உப்புநீர் மேலே தெரியும் ஜாடியில்தான் வரும்.

உப்பானால் எண்ணெய் விட்டு மூழ்கடியுங்கள். ஈஸ்ட் ஏடு நச்சு அல்ல. ஆனால் அது புளிப்பைத் தின்று வாழ்கிறது, விட்டு வைத்தால் ஊறுகாயின் புளிப்புக் குறைந்து மற்றவைக்கு வழி திறக்கும். ஒரு நாள் இரண்டு நாளில் கண்டால் ஏட்டையும் அடியில் உள்ள துண்டுகளையும் எடுத்துவிட்டு, மீதியை ஃப்ரிட்ஜில் வைத்து விரைவில் முடிக்கலாம். பூஞ்சையானால் வழித்துவிட்டுச் சாப்பிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரிவது பூத்த பகுதி மட்டும்தான், வேர்போல ஓடும் இழைகள் மசாலாவுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று தெரியாது. சில பூஞ்சைகள் விடும் நஞ்சு எண்ணெயைக் காய்ச்சினாலும் போகாது. அந்த ஜாடி முழுவதும் குப்பைக்கு.

இந்த வீட்டில் காரணம் என்ன? மூன்று வாரமாக எடுத்து எடுத்து எண்ணெய் மட்டம் இறங்கிவிட்டது. சோற்றில் ருசியாகப் பிசைய எண்ணெயைத்தான் முதலில் எடுக்கிறோம், துண்டுகள் பின்தங்கிவிடுகின்றன. உப்புக் கணக்கு சரியாக இருந்தும் மேலே நின்ற துண்டுக்குக் காற்று கிடைத்தது, மூடியிலிருந்து நீர் கிடைத்தது. உப்பு சரியாக இருந்ததால்தான் மூன்று வாரம் தாங்கியது, 8 பங்கு ஊறுகாயானால் முதல் வாரத்திலேயே போயிருக்கும்.

இன்னொரு அறிகுறி குமிழி. மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று வந்தால், எண்ணெய்க்குள் சிறு குமிழிகள் எழுந்துகொண்டே இருந்தால், உள்ளே ஈஸ்ட் நொதிக்கிறது. உப்புக் குறைந்த ஊறுகாயின் அடையாளம் அது. அதில் உப்பை அள்ளிப் போட்டுக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மேலே போட்ட உப்பு எண்ணெயில் கரையாமல் அப்படியே கிடக்கும், துண்டுக்குள் போய்ச் சேர நாட்கள் ஆகும், அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிடும்.

பூண்டு, மிளகாய் விழுது: இதற்கு மட்டும் வேறு விதி

இதுவரை சொன்ன கெடுதல்கள் எல்லாம் கண்ணுக்கோ மூக்குக்கோ தெரிபவை. இங்கே வருவது தெரியாது, ஆகவே இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவின் விதைகள் மண்ணில் இருக்கின்றன, பூண்டு, இஞ்சி, கேரட் போன்றவற்றோடு ஒட்டி வருகின்றன. அதற்குக் காற்று ஆகாது, புளிப்பும் ஆகாது. புளிப்பை அளக்கும் பி.எச். அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது வளர்ந்து நஞ்சு விடாது. பச்சை மாங்காய் தானே 3, 3.5 அளவில் இருப்பதால் மாங்காய் ஊறுகாயில் இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. பூண்டு அப்படியல்ல, பச்சை மிளகாயும் அல்ல. இரண்டும் 5க்கு மேல். அவற்றை அரைத்து, வினிகர் இல்லாமல், மேலே எண்ணெய் ஊற்றி மூடி அலமாரியில் வைத்தால், அந்தப் பாக்டீரியாவுக்கு வேண்டிய காற்றில்லாத, புளிப்பில்லாத, வெதுவெதுப்பான இடம் அதுதான். மாங்காய்க்குக் காப்பாக இருந்த அதே எண்ணெய் இங்கே ஆபத்தாகிறது.

இது கற்பனைப் பயம் அல்ல. 1985ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டால் 36 பேர் பொட்டுலிசத்துக்கு ஆளானார்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய அந்தப் பாட்டில் வெளியே நின்றதுதான் காரணம். அதன் வாசனையிலோ ருசியிலோ சந்தேகப்பட எதுவும் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே இங்கே 'கொஞ்சம் நக்கிப் பார்த்து' முடிவு செய்வது கூடவே கூடாது.

செய்ய வேண்டியது எளிது. எண்ணெயில் வைத்த பூண்டு, இஞ்சிப் பூண்டு விழுது, வினிகர் சேராத மிளகாய் விழுது எல்லாம் 4 டிகிரி ஃப்ரிட்ஜில் 4 நாள் மட்டும். அதற்கு மேல் வேண்டுமானால் ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்து, வேண்டியபோது ஒரு கட்டி எடுங்கள். கேரட், பீன்ஸ், காலிஃப்ளவர் கலந்த காய்கறி ஊறுகாயும் இந்த வகைதான். அதற்கு 5 சதவீத அசிடிக் அமிலம் என்று லேபிளில் உள்ள வினிகரை, சரிபார்த்த ஒரு செய்முறை சொல்லும் அளவு குறையாமல் ஊற்ற வேண்டும். நாக்குக்கு அதிகமாகப் புளிக்கிறது என்றால் சர்க்கரை சேருங்கள், தண்ணீர் சேர்க்காதீர்கள். அப்படி ஒரு செய்முறை கையில் இல்லாவிட்டால் இந்த ஊறுகாயும் ஃப்ரிட்ஜுக்கே.

பி.எச். தாளை வாங்கி நனைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். மஞ்சளும் மிளகாயும் கலந்த ஊறுகாயில் தாளே மஞ்சளாகச் சாயமேறிவிடும், நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எண்ணெய் பட்டால் இன்னும் குழப்பம்.

பூண்டு எண்ணெய் சாப்பிட்டபின் ஒருவருக்குப் பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ வயிற்றுக் கோளாறு என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், மீதி பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் தெரியும், சில நேரம் பல நாள் கழித்தும் வரும்.

கடையில் வாங்கும் வினிகர் மிளகாய் சாஸும் தக்காளி சாஸும் இவ்வளவு ஆபத்தானவை அல்ல. அவற்றில் பூஞ்சை முதலில் வருவது பாட்டிலுக்குள் இல்லை, வாயில். மூடியின் திருகில் காய்ந்து ஒட்டிய சாஸ் ஈரத்தை இழுத்துப் பூக்கும். ஒவ்வொரு முறையும் உலர்ந்த பேப்பரால் வாயைத் துடைத்து மூடினாலே பாதி வேலை முடிந்தது. வாட்டர் சேர்த்துக் குலுக்கி அடியில் உள்ளதைக் கழுவி எடுப்பவர்கள் அதை அன்றே சமைத்துவிட வேண்டும், திரும்ப வைக்கக் கூடாது.

நெய்: இங்கே எதிரி காற்றும் வெளிச்சமும்

வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு, 16 சதவீதம் நீர். காய்ச்சி நெய்யாக்குவது அந்த நீரையும் பால் திடப்பொருளையும் வெளியேற்றத்தான். நன்றாகக் காய்ந்த நெய்யில் நீர் அரை சதவீதம்கூட இருக்காது, அதனால் அதில் கிருமி வளர முடியாது. நெய் கெடுகிறது என்றால் பெரும்பாலும் அது காறிப்போகிறது, அதாவது கொழுப்பு காற்றோடு சேர்ந்து சிதைகிறது. வெளிச்சமும் சூடும் அதைத் துரிதப்படுத்தும், செம்பும் இரும்பும் இன்னும் துரிதப்படுத்தும். ஈயம் பூசாத செம்பு, பித்தளைச் சொம்பில் நெய் வைக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

வீட்டில் காய்ச்சினால் முடிக்கும் இடம் முக்கியம். நீர் இருக்கும்வரை சடசடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் அடங்கி, நுரை மெலிந்து, அடியில் படிந்தது பொன்னிறமாகும்போது அடுப்பை அணைக்க வேண்டும். சத்தம் ஓயும் முன்பே இறக்கினால் உள்ளே நீர் நிற்கும், மூன்று நான்கு வாரத்தில் அடியில் புளித்த வாடை வரும். உலர்ந்த மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அடியில் தங்கிய பொன்னிறத் தூளில் புரதம் இருக்கிறது, அதை நெய்க்குள் விட்டால் அங்கேதான் கெடுதல் தொடங்கும். (அந்தத் தூளில் சர்க்கரை கலந்து அன்றே குழந்தைகளுக்குக் கொடுத்துவிடலாம்.) ஜாடியில் ஊற்றியதும் மூடாமல் மெல்லிய துணி போட்டு, முழுதாக ஆறிய பிறகு மூடுங்கள்.

1 கிலோ டின்னைத் திறந்தவர்கள், மூன்றில் ஒரு பங்கைச் சிறு ஜாடியில் எடுத்துக்கொண்டு, மீதியை வாய்வரை நிரம்பிய ஜாடிகளில் ஊற்றி மூடி வையுங்கள். பாதி ஜாடி காற்றோடு நின்றால் அந்தக் காற்று முழுவதும் வேலை செய்யும். இருட்டான அலமாரி போதும், ஜன்னலோரமோ அடுப்பு ஓரமோ வேண்டாம். உலர்ந்த கரண்டி போட்டு எடுத்தால் மேசை ஜாடி டர்பன் கோடையிலும் இரண்டு மூன்று மாதம் நன்றாக இருக்கும். ரொட்டித் துணுக்கோடு கத்தியை விட்டால் அந்தத் துணுக்கைச் சுற்றிப் பூஞ்சை வரும், நெய்யில் பூஞ்சை என்று கேள்விப்படுவது பெரும்பாலும் இப்படித்தான்.

குளிர்காலத்தில் நெய் உறைந்து குருணை குருணையாகவும் மேலே திரவமாகவும் பிரிவது கெடுதல் அல்ல, கொழுப்பின் வகைகள் வெவ்வேறு வேகத்தில் உறைவதால் வருவது. கெட்டதா என்று அறிய, அரைத் தேக்கரண்டியை உலர்ந்த சிறு வாணலியில் லேசாகச் சூடாக்கி முகருங்கள். குளிர்ந்த நெய் வாடையை அடக்கி வைக்கும், சூடு அதை வெளியே கொண்டுவரும். காறல் வாடை வந்தால் தொண்டையில் கரகரப்பும் இருக்கும். அந்த நெய்யைச் சமையலுக்கு வைக்காதீர்கள், ஜாடியைக் கழுவி அவனில் காயவைக்காமல் புது நெய்யையும் அதில் ஊற்றாதீர்கள். காறிய நெய் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அது புதியதைச் சீக்கிரம் காற வைக்கும். பழைய ஊறுகாயின் மீதியோடு புதிய ஊறுகாயைச் சேர்த்துப் போடக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான், அங்கே காறிய எண்ணெயோடு பூஞ்சை விதைகளும் சேர்ந்து வரும்.